ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை: பண்டமாரானிலிருந்து போன ஒரு கடிதம்

சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கிள்ளான் பொது மருத்துவமனையில் இருந்த நாட்களில், சித்தி மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அக்கா, டிஸ்சார்ஜ் பண்ணினதும் ஒரு மாசம் வீட்டிலிருந்து வேலை பார்க்கணும்னு கம்பெனியில் கேட்கலாமா? கேட்டால் கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்காமே?”

நான் பல வருடங்களாக மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறவள். இப்படிப்பட்ட கடிதங்கள் மேசைக்கு வந்து சேரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன். பண்டமாரானிலும் அதைச் சுற்றியுள்ள தாமான்களிலும் காலையில் கிள்ளான் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கும் நம் பிள்ளைகள் ஏராளம். அவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் இந்த நிலைமை நாளைக்கே வரலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கின்றன. அதில் புதிதாக 60பி, 60கியூ என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் முதலாளியிடம் விண்ணப்பிக்கலாம். மலாயில் இதை ‘அத்துரான் கெர்ஜா ஃபிளெக்சிபெல்’ என்பார்கள். விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளி அதைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சரி அல்லது முடியாது என்று எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றால் காரணத்தையும் எழுத வேண்டும்.

சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் இதெல்லாம் நமக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 4,000 ரிங்கிட் வரம்பு ஓவர்டைம் கணக்கு போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும்தான். வேலை இடத்தையும் நேரத்தையும் மாற்றக் கேட்கும் உரிமை எல்லா ஊழியருக்கும் உண்டு.

ஆனால் அந்த உரிமை கேட்பதற்கும் பதில் பெறுவதற்கும்தான். கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்ற பட்டியலும் இல்லை. மறுத்தால் மேல்முறையீடு செய்ய அந்தப் பிரிவுகளில் வழியும் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது அந்த 60 நாள். சித்தப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் நான்கு வாரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. கம்பெனி சட்டப்படி 59ஆம் நாள் “சரி” என்று எழுதினால்கூட அந்தப் பதிலை வைத்து அவள் என்ன செய்வாள்? நீண்ட கால ஏற்பாடுகளை நினைத்து எழுதிய பிரிவு இது. வீட்டில் ஒருவர் திடீரென்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அது யோசிக்கவே இல்லை.

சரி, அவசர விடுப்பு? ‘எமர்ஜென்சி லீவு’ என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், அப்படி ஒரு விடுப்பு வேலைச் சட்டத்தில் கிடையாது. கம்பெனி கையேட்டில் இருந்தால் உண்டு; பெரும்பாலும் அது ஆண்டு விடுப்பிலிருந்து கழிக்கப்படும், அல்லது சம்பளமில்லாமல் போகும். ஆண்டு விடுப்போ, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்குக் குறைந்தது 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 12 நாள், ஐந்துக்கு மேல் 16 நாள். என் தங்கைக்கு 12 நாள். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் எடுத்தது போக மிச்சமிருந்ததை வைத்து ஒரு மாதம் ஓட்ட முடியாது.

முதல் நாளிலேயே அவளிடம் இன்னொன்றையும் சொன்னேன். சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமலிருந்தால், வேலை ஒப்பந்தத்தை ஊழியரே முறித்துவிட்டதாகக் கருத 15ஆம் பிரிவு இடம் தருகிறது. தகுந்த காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ முடிந்த முதல் சந்தர்ப்பத்திலோ தெரிவித்திருந்தால் அந்தப் பிரிவு பாதிக்காது. மருத்துவமனை நடைபாதையில் நிற்கும்போது யாருக்கும் ஆபிஸ் ஞாபகம் வராதுதான். ஆனாலும் முதல் நாள் மாலைக்குள், தொலைபேசியில் பேசியது போக, ஒரு மின்னஞ்சலும் போயிருக்க வேண்டும். “அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், இன்றும் நாளையும் ஆண்டு விடுப்பு, அடுத்த நிலவரம் புதன்கிழமை சொல்கிறேன்” என்ற அளவு போதும்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். அவள் எழுதி வைத்திருந்த முதல் வரைவை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா எப்படி விழுந்தார், சித்திக்கு முட்டி வலி, அண்ணன் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, வீட்டில் வேறு ஆள் இல்லை என்று ஒரு பக்கம் முழுக்க. கடைசியில் ஒரு வரி: “தயவுசெய்து ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியுங்கள். இரவு எத்தனை மணி ஆனாலும் வேலையை முடித்துவிடுவேன்.”

இந்தக் கடிதம் எங்கள் மேசைக்கு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? படிப்பவருக்கு மனம் இளகும். பிறகு அவர் அதை அந்தப் பகுதி மேலாளருக்கு அனுப்பி, “இவர் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியுமா?” என்று கேட்பார். மேலாளருக்கு அதற்கான பதில் கடிதத்தில் கிடைக்காது. அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: எந்த வேலைக்கு ஆள் நேரில் வேண்டும், சம்பள வாரத்தில் என்ன செய்வது, காலைக் கூட்டத்துக்கு வருவாரா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே எப்படி வேலை பார்ப்பார், இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்களே. அவ்வளவையும் யோசிக்க நேரமில்லாத மேலாளர் ‘முடியாது’ என்று ஒரு வரி எழுதுவார், அல்லது பதிலே எழுதாமல் வைத்திருப்பார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விண்ணப்பத்திலேயே பதில் இருந்தால், மேலாளர் அதே நாளில் ‘சரி’ என்று எழுதக்கூட வாய்ப்பு உண்டு. 60 நாளை ஆறேழு நாளாகச் சுருக்க ஊழியர் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அதனால் நானும் அவளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கடிதத்தை விட்டுவிட்டு முதலில் சித்தப்பாவின் ஒரு நாளை எழுதினோம்.

விழுங்கும் சக்தி திரும்பாததால் அவருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். பால் கொடுக்கும் நேரம் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு முறையும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், மெதுவாக விட வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது தலை உயர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். இடையிடையே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், படுக்கைப் புண் வராமலிருக்க. அது சில நிமிட வேலை. சித்தி ஒரு பக்கம் பிடித்தால் போதும்.

இதை எழுதி முடித்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது இடத்தில் மட்டுமல்ல, நேரத்திலும் மாற்றம். வீட்டிலிருந்தபடியே 9 மணி முதல் 6 மணி வரை என்று அனுமதி வாங்கியிருந்தால், முதல் நாளே 10 மணிக்குத் திரையை விட்டு எழுந்து போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் மேலாளர் கூப்பிட்டு, ஆள் இல்லை என்றால், “வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை” என்ற பெயர் வந்துவிடும். அனுமதி கிடைத்த பிறகு இரண்டாவது வாரத்தில் ரத்தாகிப் போன ஏற்பாடுகள் எனக்குத் தெரியும். பலவற்றில் காரணம் இதுதான்: இடத்தை மட்டும் கேட்டு வாங்கியிருப்பார்கள், பராமரிப்புக்கான நேரத்தை எழுதியிருக்க மாட்டார்கள். 60பி பிரிவு இடம், நேரம், நாள் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்க இடம் தருகிறது. பிறகு எதற்கு மறைக்க வேண்டும்?

“இரவு எத்தனை மணி ஆனாலும்” என்ற வரியையும் அடித்துவிட்டேன். நல்ல மனதோடு எழுதியதுதான், ஆனால் மனிதவளப் பிரிவுக்கு அது ஒரு தலைவலி. 60பி பிரிவின்படி வரும் ஏற்பாடு வேலை நேர விதிகளுக்கு உட்பட்டுத்தான் இருக்க வேண்டும். அந்த விதிகள் 60ஏ பிரிவில் இருக்கின்றன. ஒரு நாளில் 8 மணி நேரம் என்பது எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்பதும் தெரியும், முன்பு 48 ஆக இருந்தது. அதிகம் பேருக்குத் தெரியாதது, ஒரு நாளின் வேலை தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் இடையில், நடுவில் விடும் ஓய்வையும் சேர்த்து, 10 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. காலையில் இரண்டு மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம், இரவு 8 முதல் 11 வரை மூன்று மணி நேரம் என்று பிரித்து எழுதினால் கூட்டுத்தொகை எட்டுதான். ஆனால் காலை 8 மணிக்குத் தொடங்கியிருந்தால் விரிவு 15 மணி நேரம் ஆகிவிடும். “சட்டப்படி முடியாது” என்று எழுத கம்பெனிக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

பால் நேரங்களை வைத்துக் கணக்குப் போட்டோம். காலை 7 முதல் 10 வரை வேலை. 10 முதல் 11 வரை சித்தப்பா. 11 முதல் 2 வரை வேலை. 2 முதல் 3 வரை சித்தப்பா. 3 முதல் 5 வரை வேலை. எட்டு மணி நேரம் முழுசாக வந்தது, 7 முதல் 5 வரை விரிவு சரியாக 10. காலை 6 மணிப் பாலும் மாலை 6 மணிப் பாலும் வேலைக்கு வெளியே விழுந்தன. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவள் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

வேறு எதுவும் வேண்டாம், இந்த அட்டவணை ஒன்றே பாதி அனுமதி. வழக்கமாக அவள் காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப ஏழரை ஆகும். பயணத்துக்குப் போகும் அந்த நேரம்தான் இப்போது அப்பாவுக்குப் போகிறது. கம்பெனியின் எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை. இதை அப்படியே இரண்டு வரியில் கடிதத்தில் எழுதச் சொன்னேன். பராமரிப்பு என்றாலே வேலை கெடும் என்று பயப்படும் மேலாளருக்கு, பராமரிப்புக்கான நேரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டால் அந்தப் பயம் குறையும்.

அடுத்தது அவள் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்பெனியின் கணக்குப் பகுதியில் இருக்கிறாள், சம்பளக் கணக்கும் அவள் கையில். எம்.சி.ஓ. காலத்தில் எல்லாரும் வீட்டிலிருந்து செய்தோமே, பிறகென்ன என்று அவள் கேட்டாள். 2020 மார்ச்சில் கதவைச் சாத்தியபோது ஆபிஸில் யாருமே இல்லை, காகிதம் எதுவும் நகரவில்லை. இப்போது மற்றவர்கள் எல்லாரும் ஆபிஸில் இருப்பார்கள், பில்கள் காகிதமாக வந்துகொண்டே இருக்கும். ஆகவே “அப்போது செய்தேன்” என்பதைவிட, இந்த மாதத்தில் என்ன வேலை இருக்கிறது என்று எழுதுவதுதான் பயன் தரும்.

எழுதினோம். ஈ.பி.எஃப்., சொக்சோ, பி.சி.பி. மூன்றையும் மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதமானால் கம்பெனிக்கு அபராதம் வரும், அதில் தளர்வே கிடையாது. அவள் கோப்பைத் தயாரிப்பதும் ஏற்றுவதும் மடிக்கணினியில் முடியும். ஆனால் சம்பளப் பதிவுகளின் மூலத்தாள்கள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கேட்கவும் கூடாது. அவற்றில் மற்ற ஊழியர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். ஆகவே 14ஆம் தேதியும், மாதச் சம்பளம் போடும் வாரத்தில் 27ஆம் தேதியும் ஆபிஸுக்கு வந்து முழு நாள் வேலை செய்வதாக அவளே எழுதினாள். அந்த இரண்டு நாளும் அண்ணன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். அதை அவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் தேதியைக் கடிதத்தில் போட்டோம். குடும்பத்தில் பேசாமல் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தால் அது அந்த வாரமே உடையும்.

சில்லறைப் பணமும் காகித பில்களும் மிச்சம் இருந்தன. பக்கத்து மேசைத் தோழி பில்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சம்மதித்தார். அதற்குப் பதிலாக அவருடைய வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை இவள் செய்து தருவாள். இதையும் எழுதினோம், அந்தத் தோழியின் ஒப்புதலோடு. தன்னுடைய சுமை வேறொருவர் தலையில் விழுகிறது என்பதை ஒளித்துக் கேட்கும் விண்ணப்பங்களுக்கு, அந்த வேறொருவரிடமிருந்தே எதிர்ப்பு வரும். வந்தால் அது நியாயமான எதிர்ப்புதான்.

ஏன் ஒரு மாதம் என்பதற்கும் பதில் வேண்டும். “அப்பா குணமாகும் வரை” என்று எழுதினால் முடிவே இல்லாத விண்ணப்பம் ஆகிவிடும், யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். சித்தப்பாவின் மறு பரிசோதனை நான்காவது வாரத்தில் இருந்தது. குழாயை எடுக்க முடியுமா என்று அன்றுதான் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த வாரம் சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தை வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே மாதத்தின் கடைசித் தேதி தானாகவே கிடைத்தது, அதன் காரணமும் கூடவே கிடைத்தது. ‘இவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்’ என்ற கவலைக்கும் இதுதான் பதில். ஒரு குறிப்பிட்ட நோயாளி, ஒரு குறிப்பிட்ட தேதி, அதோடு முடிந்தது.

ஆதாரமாக என்ன இணைப்பது? டிஸ்சார்ஜ் குறிப்பு முழுவதையும் அனுப்ப இருந்தாள். வேண்டாம் என்றேன். சித்தப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் கம்பெனிக் கோப்பில் எதற்கு? அவர் பெயர், உறவு, மருத்துவமனையில் இருந்த தேதிகள், வீட்டில் பராமரிப்பு தேவை என்ற வரி, அடுத்த சந்திப்புத் தேதி உள்ள அட்டையின் நகல் ஆகியவை போதும். மேற்கொண்டு கேட்டால் கொடுக்கலாம்.

கடைசியில் ஆங்கிலத்தில் போன கடிதத்தின் சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

“1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60பி பிரிவின் கீழ், வேலை இடத்தையும் நேரத்தையும் தற்காலிகமாக மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கிறேன். காரணம், பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் என் தந்தைக்கு வீட்டுப் பராமரிப்பு. காலம், வரும் திங்கள் தொடங்கி நான்கு வாரம். நான்காவது வாரத்தில் அவருக்கு மறு பரிசோதனை, அதன்பின் உறவினர் பொறுப்பேற்கிறார். வேலை நேரம் காலை 7–10, 11–2, பிற்பகல் 3–5. இந்த நேரங்களில் தொலைபேசியிலும் கணினியிலும் இருப்பேன். இடைப்பட்ட இரண்டு மணி நேரங்களிலும் தந்தைக்கு உணவு கொடுப்பதால் அழைப்புகளை எடுக்க இயலாது. 14, 27 தேதிகளில் அலுவலகம் வருவேன். சம்பளக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துச் செல்ல மாட்டேன். குழாய் நழுவினாலோ அவர் உடல்நிலை மாறினாலோ மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். அன்று ஆண்டு விடுப்பு எடுத்துக்கொள்வேன். இரண்டு வாரம் கழித்து இந்த ஏற்பாட்டைப் பரிசீலிக்கலாம். அவசர நிலை என்பதால் வரும் வெள்ளிக்குள் முடிவு தெரிவித்தால் உதவியாக இருக்கும். முடிவு வரும் வரை ஆண்டு விடுப்புக்குத் தனியாக விண்ணப்பித்துள்ளேன்.”

இதில் குழாய் நழுவுவதைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள், பலவீனமாகத் தெரியும் என்று. நான் வைக்கச் சொன்னேன். மூக்குக் குழாய் போட்டவர்கள் அதைத் தூக்கத்தில் இழுத்துவிடுவது சாதாரணம். வெளியே வந்துவிட்டால் வீட்டில் நாமாகத் திருப்பிப் போடக் கூடாது, மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ போக வேண்டும். நான்கு வாரத்தில் ஒரு முறையாவது நடக்கக்கூடிய ஒன்றை முன்பே சொல்லிவிட்டால், நடக்கும் நாளில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விடுப்பு நாட்களில் கொஞ்சத்தை இதற்கென்று மிச்சம் வைக்கச் சொன்னதும் அதனால்தான். எல்லா நாளையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டுக் கையை விரிப்பவர்கள் நிறைய.

கடிதம் மேலாளருக்குப் போனது, நகல் மனிதவளப் பிரிவுக்கு. பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் கேட்டாள், ஏனென்றால் 60 நாள் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடும். மேலாளர் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் “ஓகே, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பினார். சித்தி வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும், அதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதே என்றேன். அந்த மேலாளர் நல்லவர். ஆனால் அவர் விடுமுறையில் போகலாம், மாற்றலாகலாம். மாதக் கடைசியில் வருகைப் பதிவைப் பார்க்கும் வேறொருவருக்கு அந்த வாட்ஸ்அப் தெரியாது. 18 நாள் வரவில்லை என்றுதான் அவர் கண்ணுக்குப் படும். “நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டதற்கு நன்றி, விண்ணப்பத்தில் உள்ள தேதி, நேரப்படி தொடங்குகிறேன், மனிதவளப் பிரிவின் எழுத்துப்பூர்வ உறுதிக்காகக் காத்திருக்கிறேன்” என்று மின்னஞ்சல் போடச் சொன்னேன். மரியாதையான வரிதான், யாரும் கோபப்படவில்லை.

அடுத்த வாரமே உறுதிக் கடிதம் வந்தது. கேட்டது நான்கு வாரம். கிடைத்தது இரண்டு வாரம், பிறகு பரிசீலனை, அதோடு 10.30 மணிக்கு நடக்கும் தினசரி அழைப்பில் கலந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. அவள் முகம் வாடியது. இதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இதிலிருந்து பேசலாம். இரண்டு வாரத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, பரிசீலனைத் தேதியை அவளே குறித்து அனுப்பினாள். 10.30 அழைப்பை 11.15க்கு மாற்ற முடியுமா, முடியாவிட்டால் அழைப்பின் குறிப்பை 11 மணிக்குப் படித்து உடனே பதில் எழுதுகிறேன் என்று கேட்டாள். அழைப்பு 11.15க்கு மாறியது. அதில் வேறு யாருக்கும் கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனை காலம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பரிசீலனை நாளில் காட்ட அவளிடம் ஒரு சிறு பட்டியல் இருந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் என்ன முடிந்தது, என்ன நிலுவை என்று மூன்று நான்கு வரி மேலாளருக்கு அனுப்பியிருந்தாள். 15ஆம் தேதிக் கட்டணங்கள் 14ஆம் தேதியே போய்விட்டன. மீதி இரண்டு வாரத்துக்கு அனுமதி அதே நாளில் கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அவள் அண்ணனுக்கு இந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் வேலை இருக்கும் இடத்தை மாற்ற முடியாது. அவர் கேட்கக்கூடியது ஷிஃப்ட் மாற்றம்தான், அதற்கும் 60பி பிரிவில் இடமுண்டு. கவுண்டரில் இருப்பவர், தொழிற்சாலையில் இருப்பவர், கிளினிக்கில் இருப்பவர் எல்லாருமே நேரத்தையும் நாளையும் மாற்றக் கேட்கலாம். வீட்டில் இருப்பவருக்கு இரவும் பகலும் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டிய நிலைமை என்றால், வீட்டிலிருந்து வேலை என்பது யாருக்கும் நியாயமில்லாத ஏற்பாடு. அப்போது சம்பளமில்லா விடுப்பு கேட்பதுதான் நேர்மை. அதையும் எழுத்தில், முடிவுத் தேதியோடு கேட்க வேண்டும்.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அது சட்டப்படி உங்களுக்கு உரியது. காரணம் கையில் இருந்தால் அதற்கேற்ப விண்ணப்பத்தை மாற்றி மீண்டும் கொடுக்கலாம். “நேரில் ஆள் வேண்டும்” என்றால் வாரத்தில் இரண்டு நாள் ஆபிஸ் என்று கேளுங்கள். “தரவுப் பாதுகாப்பு” என்றால் கம்பெனி மடிக்கணினியில் மட்டும் என்று எழுதுங்கள். 60 நாள் கடந்தும் பதிலே இல்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். பதில் சொல்லாமல் இருப்பது சட்டத்தை மீறுவது. ஆனால் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த இலாகாவுக்கும் அந்தப் பிரிவில் அதிகாரம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மீண்டும் அந்த 60 நாளுக்கே வருகிறேன். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டியும் பதில் சொல்ல முதலாளிக்கு இரண்டு மாதம் தருகிறது. பிரிட்டனிலும் முடிவுக்கு இரண்டு மாதம். ஆனால் அங்கே பராமரிப்பவர்களுக்கென்று வருடத்தில் ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு 2024 ஏப்ரலிலிருந்து தனிச் சட்ட உரிமையாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நம் சட்டத்தில் 60கியூ பிரிவுக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: நெருங்கிய குடும்பத்தினரின் மருத்துவ அவசரத்துக்கான தற்காலிக விண்ணப்பத்துக்கு ஏழு நாளுக்குள் பதில். முதலாளி மறுக்கும் உரிமையை அது தொடவே இல்லை, சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறது, அவ்வளவே. தொழிற்சங்கத்தில் இருக்கிறவர்களும், நாடாளுமன்ற உறுப்பினர்களோடு பேசும் வாய்ப்புள்ளவர்களும் இதை எடுத்துச் சொன்னால் நல்லது. நான் எங்கள் தொகுதி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தின் ஆங்கில மாதிரி வேண்டுமென்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பெயர்களையும் தேதிகளையும் எடுத்துவிட்டு அனுப்புகிறேன். தங்கையிடம் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டாள்.